ஒரு கிலோ வெங்காயம்

அன்புள்ள கண்ணா,

மூன்று வாரம் கழித்து உன்னிடமிருந்து ஒரு வரி: "ஒரு கிலோ வெங்காயம் வதக்க எவ்வளவு எண்ணெய்?" ஒற்றை ஆளுக்கு ஒரு கிலோவா? யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

சரி, அளவைச் சொல்கிறேன். கிரேவிக்கென்றால் ஒரு கிலோ வெங்காயத்துக்கு ஆறு மேசைக்கரண்டி, அதாவது 90 மில்லி. காய் எவ்வளவு என்று பார்க்காதே. காய் கிரேவியின் தண்ணீரிலேயே வெந்துவிடும், எண்ணெய் வெங்காயத்துக்கும் மசாலாவுக்கும்தான். பொரியலுக்குக் கணக்கு வேறு. அங்கே காயின் எடையைப் பார். ஒரு கிலோ பீன்ஸுக்கோ கோஸுக்கோ, தாளிப்பும் வெங்காயமும் சேர்த்து மூன்று மேசைக்கரண்டி போதும். உருளைக்கிழங்கு சிவக்க வேண்டுமென்றால் ஐந்து. பொரியலில் விட்ட எண்ணெய் முழுக்க வயிற்றுக்குத்தான் போகும். கிரேவியில் மேலே மிதப்பதைக் கொஞ்சம் வழித்து எடுக்கலாம்.

கால் கிலோவுக்கு இரண்டு கரண்டி விடுகிறாய் என்பதற்காக ஒரு கிலோவுக்கு எட்டு விடாதே. எண்ணெய் நனைக்க வேண்டியது பாத்திரத்தின் அடியை. அது நாலு மடங்கு பெரிதாகிவிடாது! அகலமான, அடி கனமான பாத்திரமாக எடு.

ஒரு கிலோ வெங்காயத்தில் ஏறக்குறைய 900 கிராம் தண்ணீர்தான். அது வற்றும்வரை எவ்வளவு எண்ணெய் விட்டாலும் சிவக்காது. அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு மிதமான தீயில் வை. முதலில் கொதிக்கிற சத்தம் கேட்கும். வெங்காயம் சுருங்கி, சத்தம் சடசடவென்று மாறிய பிறகுதான் நிறம் ஏறும். முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். நடுவில் அடிப்பிடித்தால் எண்ணெய் ஊற்றாதே, இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்துச் சுரண்டிவிடு. மசாலா போட்டபின் ஓரத்தில் எண்ணெய் கசிந்தால் முடிந்தது. கசியவில்லையென்றால் ஈரம் மிச்சமிருக்கிறது, இன்னும் கொஞ்சம் வதக்கு. அதற்காகவும் எண்ணெய் ஊற்றாதே.

நீயே சமைக்கிறாய் என்பதில் எனக்குப் பெருமைதான். அதைப் போன் செய்து சொல்லியிருக்கலாம். எண்ணெயைக் கரண்டியால் அள, பாட்டிலைச் சாய்க்காதே.

அப்புறம் ஒன்று. அன்றைக்கு வீடு நிறைய ஆட்கள் இருந்தபோது வெங்காயம் தீய்ந்தது, எல்லார் முன்னாலும் உன்னைத் திட்டினேன். அதற்குப் பிறகு நீ அடுப்படிப் பக்கமே வரவில்லை. மெல்லிய பாத்திரத்தில் ஒரு கிலோவுக்கு ஒரே கரண்டி எண்ணெய் விட்டு, நேரமாகிறது என்று தீயைக் கூட்டிவிட்டுப் போனது நான். கிளறச் சொன்ன பிள்ளை என்ன செய்வாய்? உன் கையில் கரண்டி இருந்தது, பழியை உன்மேல் போட்டேன். எனக்கு அன்றைக்கே தெரியும்.

அம்மா