சிரிக்கப் புத்தகம் கேட்டால் நாங்கள் ஏன் குடைகிறோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "வீட்டில் ஒருத்தருக்கு மனசே சரியில்லை, சிரிக்கிற மாதிரி ஏதாவது எடுத்துக் கொடுங்க" என்று கேட்டு வருகிறவர்கள் நம் கடையில் அதிகம். உடனே ஒன்றைக் கட்டிக் கொடுக்காமல் யாருக்கு, எங்கே உட்கார்ந்து படிப்பார், என்ன கவலை என்று நாங்கள் குடைவது சிலருக்கு எரிச்சலாக இருக்கிறது. காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

கவலையில் இருப்பவரால் எழுத்தைப் படிக்க முடியும். முந்தின பக்கத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்பதுதான் மனதில் நிற்காது. அதனால் எவ்வளவு நல்ல நகைச்சுவை நாவலாக இருந்தாலும், நாற்பது பக்கம் தாண்டினால்தான் சூடு பிடிக்கும் என்றால் அதை அவருக்குத் தர மாட்டோம். பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிகிற, எந்த இடத்தில் பிரித்தாலும் புரிகிற கதைகளைத்தான் தேடுவோம்.

சமீபத்தில் ஒரு அம்மா வந்தார். அப்பாவுக்கு வயிற்றில் ஆபரேஷன், கூட இருப்பது தம்பி, இருவருக்கும் சேர்த்து ஒரு புத்தகம் வேண்டும் என்றார். அப்பாவுக்கு இப்போதைக்கு வேண்டாம் என்று சொன்னோம். வயிற்றில் தையல் போட்டவருக்கு இருமல் எப்படியோ அப்படித்தான் சிரிப்பும். சுண்டி இழுக்கும். தையல் ஆறட்டும், அப்புறம் பார்க்கலாம். தம்பிக்குத்தான் அவசரம். வார்டுக்கு வெளியே நாற்காலி, ராத்திரி மங்கல் வெளிச்சம், நர்ஸ் எப்போது கூப்பிடுவார் என்று தெரியாது.

அவருக்குத் தேவனின் 'துப்பறியும் சாம்பு'வைக் கொடுத்தோம். நாற்பதுகளில் ஆனந்த விகடனில் வந்த கதைகள். சாம்பு அசட்டு பேங்க் குமாஸ்தா. அவன் தடுக்கி விழுந்தால் திருடன் மேல் விழுவான், உளறினால் அதுவே துப்பாகிவிடும். இன்ஸ்பெக்டர் கோபாலன் அதைப் பெரிய மூளை என்று நம்பி வியப்பார். துப்பறியும் கதைதான், ஆனாலும் படபடப்பு கிடையாது. சாம்பு ஜெயிப்பான் என்று நமக்கு முதல் வரியிலேயே தெரியும், எப்படிச் சொதப்பி ஜெயிக்கிறான் என்பதுதான் கேள்வி. ஏற்கெனவே ஒரு முடிவுக்காகக் காத்துக்கொண்டிருப்பவருக்கு, இன்னொரு முடிவுக்காகப் பதற வைக்கும் கதை எதற்கு? எல்லாக் கதைகளும் சேர்ந்த தடிமனான பதிப்பை நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கையில் பிடிக்க முடியாது. மெலிசான தொகுதியாகப் பார்த்து எடுத்தோம். பேச்சு நடை பழைய மயிலாப்பூர் வாடை அடிக்கும், அது பழகாதவருக்கு முதல் கதை கொஞ்சம் இழுக்கும் என்பதையும் சொல்லிவிட்டோம்.

அதே தேவனின் 'ஸ்ரீமான் சுதர்சன'த்தைப் பணக் கஷ்டத்தில் இருப்பவருக்கு நாங்கள் எடுத்துக் கொடுப்பதில்லை. சிரிப்பு நிறைய உண்டு. ஆனால் கதை, சம்பளம் போதாமல் ஆபீஸ் பணத்தில் கை வைத்துவிட்டுப் பயந்து சாகிற குமாஸ்தாவைப் பற்றியது. மாசக் கடைசியில் வட்டிக்காரரின் போனுக்குப் பயப்படுகிறவர் அதைப் படித்தால் தூக்கம் போகும். என்ன கவலை என்று கேட்பது இதற்காகத்தான். வேறு கவலை உள்ளவருக்கு அது அருமையான புத்தகம்.

அந்தப் பழைய நடை வேண்டாம் என்பவருக்குப் பாக்கியம் ராமசாமியின் அப்புசாமி கதைகள். மூக்குப்பொடிக்கும் சில்லறைக்கும் சீதாப்பாட்டியிடம் கெஞ்சுகிற தாத்தா, இங்கிலீஷில் வெளுத்து வாங்குகிற பாட்டி. இதை ஒரே மூச்சில் படிக்காதீர்கள், தொடர்ந்து நாலைந்து படித்தால் ஒரே மாதிரி தோன்ற ஆரம்பிக்கும். தினம் ஒன்று போதும்.

எதையுமே படிக்க முடியவில்லை, கண் ஓடுகிறது மனசு ஓடவில்லை என்பவருக்கு வீரமாமுனிவரின் 'பரமார்த்த குருவின் கதை'யைக் கொடுங்கள், அல்லது பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். ஆறு தூங்குகிறதா என்று பார்க்கச் சீடன் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைக்கிறான். 'சொய்ங்' என்று சீறிப் புகைகிறது. ஐயோ, விழித்துக்கொண்டிருக்கிறது என்று ஓடி வருகிறான். அப்புறம் அதே அணைந்த கட்டையை மறுபடி கொண்டுபோய் வைக்கிறார்கள், சத்தமே இல்லை. ஆறு தூங்கிவிட்டதாம்! குருவும் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற ஐந்து சீடர்களும் பூனை நடை நடந்து கரையேறுகிறார்கள். தன்னை விட்டுவிட்டு எண்ணி, ஒருவனை ஆறு விழுங்கிவிட்டது என்று அழுவது அதற்கப்புறம்.

அரசியல் நையாண்டி கேட்டால் மட்டும் கொஞ்சம் தயங்குவோம். அது சிரிக்க வைக்கும், கூடவே கோபத்தையும் கிளப்பிவிடும். அந்தக் கோபம் இருக்கிற கவலையோடு சேர்ந்துகொள்ளும்.

இந்த வகையில் வாங்கிய புத்தகத்தில் முதல் இரண்டு கதை படித்தும் சிரிப்பு வரவில்லையென்றால், பேனா கிறுக்கல், மடிப்பு இல்லாமல் ஒரு மாதத்துக்குள் கொண்டுவாருங்கள், வேறு மாற்றிக்கொள்ளலாம். பில் அவசியம். பரிசாகக் கொடுப்பதென்றால் விலைச் சீட்டை நாங்களே எடுத்துத் தருகிறோம்.

அன்புடன்,
உங்கள் புத்தகக் கடையினர்