நேர்காணல் அழைப்புக்குப் பதில் எழுதும் மாப்ளைக்கு

சென்னை
18-10-2025

அன்புள்ள மாப்ள,

நேற்று இரவு உன் மடல் வந்தது. ஜெர்மன் கம்பெனி எச்.ஆர். எழுதிய அழைப்பையும், அதற்கு நீ எழுதி வைத்திருக்கும் பதிலையும் சேர்த்தே படித்தேன். நல்ல சேதி. ஃபவுண்டரியில் குவாலிட்டி பார்க்கிற ஆளை வார்ப்புப் பாகங்கள் வாங்குகிற கம்பெனி தேடி வருவது ஆச்சரியம் இல்லைதான், இருந்தாலும் முதல் அழைப்பு வந்தால் கொஞ்சம் துள்ளத்தான் செய்யும். துள்ளல் தெரிகிற மாதிரியே பதிலையும் எழுதியிருக்கிறாய். அனுப்பிவிடாதே, முதலில் இதைப் படி.

ஆள் எடுக்கும் வேலையில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். இந்தப் பதிலைப் படித்து உன் திறமையை யாரும் எடைபோடப் போவதில்லை. அந்த அம்மாவுக்கு இப்போது ஒரே வேலைதான்: தன் காலண்டர், குவாலிட்டி துறைத் தலைவரின் காலண்டர், உன் நேரம் மூன்றையும் ஒரு இடத்தில் பொருத்துவது. உன் மடலைப் பார்த்ததும் இன்னொரு கேள்வி கேட்காமல் அழைப்பை அனுப்பிவிட முடிந்தால் அது நல்ல பதில். உன் வரைவில் 'தங்களுக்கு வசதியான எந்த நேரமும் எனக்கு ஏற்புடையதே' என்று போட்டிருக்கிறாய். பணிவாகத்தான் இருக்கிறது, ஆனால் அவர் இரண்டு நேரம் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கிறாரே! அதைப் படித்துவிட்டு அவர் திரும்பவும் 'சரி, இரண்டில் எது?' என்று எழுத வேண்டியிருக்கும். அதே நேரங்களை வேறு ஆட்களுக்கும் அனுப்பியிருப்பார். அந்த இழுபறிக்குள் ஒன்று போய்விடும்.

இப்போது அந்த இரண்டு நேரங்களுக்கு வருவோம். இங்கேதான் உண்மையான ஆபத்து இருக்கிறது.

அவர் எழுதியிருப்பது: 23 அக்டோபர் வியாழன் 14:00 CET, அல்லது 28 அக்டோபர் செவ்வாய் 10:00 CET. நீ மொபைலில் ஜெர்மனி மணியைப் பார்த்து, நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம் என்று கணக்குப் போட்டு, 28-ஆம் தேதி பிற்பகல் 1:30 என்று குறித்திருக்கிறாய். இன்றைக்கு அந்த வித்தியாசம் சரி. 28-ஆம் தேதிக்குச் சரியில்லை. ஐரோப்பாவில் அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புவார்கள், இந்த வருஷம் அது 26-ஆம் தேதி. அதற்குப் பிறகு வித்தியாசம் நாலரை மணி நேரம் ஆகிவிடும். ஆக 28 காலை பத்து மணி என்பது நமக்கு 2:30.

23-ஆம் தேதியில் இருப்பது வேறு சிக்கல். CET என்பது அவர்களுடைய குளிர்கால நேரத்தின் பெயர். 23-ஆம் தேதி அங்கே இன்னும் கோடை நேரம், அதாவது CEST. அந்த எழுத்துகளை அப்படியே நம்பிக் கணக்குப் போட்டால் நமக்கு மாலை 6:30 வரும். அவர் மனதில் இருப்பதோ அவருடைய சுவர்க் கடிகாரத்தின் இரண்டு மணி, அது நமக்கு 5:30. அவரைக் குறை சொல்ல முடியாது. அங்கே பலர் வருஷம் முழுக்க CET என்றுதான் எழுதுவார்கள். விண்டோஸ் கூட பெர்லினை வருஷம் பூராவும் UTC+01:00 என்றே பட்டியலில் காட்டும். ஆக, 28-ஆம் தேதியில் நீ ஒரு மணி நேரம் முன்பே போய் உட்கார்ந்திருப்பாய், அதில் நஷ்டம் ஒன்றுமில்லை. 23-ஐ எடுத்து அந்த எழுத்துகளை நம்பியிருந்தால் ஒரு மணி நேரம் தாமதமாக, காலியான அறைக்குள் நுழைந்திருப்பாய்.

எது என்பதை நீயே முடிவு செய். எனக்கென்னவோ 28 மேல் என்று படுகிறது. 23 தீபாவளி முடிந்த மூன்றாம் நாள். ஐந்து மணிக்கு ஷிஃப்ட் முடித்துவிட்டு 5:30-க்கு நீ வீட்டில் இருக்க முடியாது, பாதி வழியில் காரை ஓரம் கட்டிப் பேச வேண்டியிருக்கும். 28-க்கு அரை நாள் லீவு போட்டால் போதும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் பதிலில் கிழமை, தேதி, மாதத்தின் பெயர், இரண்டு ஊர் நேரம் எல்லாவற்றையும் எழுது. CET, IST என்ற சுருக்கங்களை விட்டுவிட்டு 'பெர்லின் நேரம்', 'இந்திய நேரம்' என்று எழுதினால் குழப்பமே வராது. அவர் கணக்கு வேறாக இருந்தால் அங்கேயே கண்ணில் பட்டுவிடும்.

அடுத்து, நேர்காணல் எப்படி நடக்கும் என்பது. மடலில் பாதி இருக்கிறது: டீம்ஸில் 45 நிமிடம், அவரும் துறைத் தலைவரும் இருப்பார்கள். இருப்பதைத் திரும்பக் கேட்காதே, மடலைப் படிக்கவில்லை என்று அர்த்தமாகும். இல்லாதது மொழி. வேலை விளம்பரத்தில் 'ஜெர்மன் தெரிந்தால் நல்லது' என்று போட்டிருந்ததாகச் சொன்னாய். அப்படியானால் பேச்சு முழுக்க ஆங்கிலத்திலா, நடுவில் பத்து நிமிடம் ஜெர்மனிலும் பேசிப் பார்ப்பார்களா என்பது உனக்குத் தெரிந்தே ஆக வேண்டும். இதைக் கேட்டால் தப்பாக நினைக்க மாட்டார்கள். கேட்காமல் போய் அங்கே விழிப்பதுதான் சங்கடம்.

என்ன தயார் செய்வது என்பதற்கும் ஒரே கேள்வி போதும். 'நான் எதற்குத் தயாராக வேண்டும்?' என்று பொதுவாகக் கேட்டால் 'உங்கள் அனுபவத்தைப் பற்றிப் பேசுவோம்' என்று பொதுவாகவே பதில் வரும். குறிப்பாகக் கேள்: துறைத் தலைவர் 8டி ரிப்போர்ட், வி.டி.ஏ. 6.3 ஆடிட் மாதிரி விஷயங்களில் தொழில்நுட்பக் கேள்விகள் கேட்பாரா, திரையில் ஏதாவது காட்ட வேண்டியிருக்குமா என்று. இப்படிக் கேட்டால் அவர் துறைத் தலைவரிடம் விசாரித்து ஆமாம் இல்லை என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். அதோடு உன் வேலை இன்னது என்பது துறைத் தலைவர் காதுக்கும் போகும்.

பதிலோடு போன வருஷத்து 8டி ரிப்போர்ட்டை இணைக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டவே வேண்டாம். அதில் உன் கஸ்டமரின் பெயர், டிராயிங் நம்பர், ரிஜெக்‌ஷன் கணக்கு எல்லாம் இருக்கும். குவாலிட்டி ஆள் ஒருவர் கஸ்டமர் காகிதத்தை முன்பின் தெரியாதவர்களுக்கு அனுப்பினால், நாளை எங்கள் காகிதத்தையும் இப்படித்தான் அனுப்புவாரோ என்று எதிரில் இருப்பவர் யோசிப்பார். காட்டச் சொன்னால், பெயர்களை எடுத்துவிட்டு ஒரு பக்கத்தில் நீயே புதிதாக எழுது: காஸ்டிங்கில் என்ன குறை வந்தது, மூல காரணத்தை எப்படிப் பிடித்தாய், திரும்ப வராமல் இருக்க எதை மாற்றினாய். அது போதும்.

கடைசியில் அவர் கேட்ட இரண்டு கேள்விகள்: எப்போது சேர முடியும், எதிர்பார்க்கும் சம்பளம் என்ன. இதற்குப் பதில் சொல்லாமல் விட்டிருக்கிறாய், நேரில் பேசலாம் என்று நினைத்தாய் போல. அங்கே விட்ட கேள்வி திரும்ப வரும். உன் மூன்று மாத நோட்டீஸை நினைத்துக் கூச்சப்படாதே, ஜெர்மனியிலும் வேலை ஒப்பந்தங்களில் மூன்று மாதம் என்பது சகஜம். விசா ஆகும் காலத்தையும் சேர்த்துச் சொல். சம்பளத்தை மாதக் கணக்கில், கையில் வருவது இவ்வளவு என்று சொல்லாதே. பிடித்தங்களுக்கு முந்தைய வருஷத் தொகையை, யூரோவில், இதிலிருந்து இதுவரை என்று கொடு. இப்போதைய சி.டி.சி.யை அவர் கேட்கவில்லை, நீயாகச் சொல்லாதே. நம் ஊரில் பே ஸ்லிப் இல்லாமல் பேச்சே தொடங்காது என்பதால் உனக்குக் கை பரபரக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023-இல் கொண்டுவந்த சம்பள வெளிப்படைத்தன்மை உத்தரவு, விண்ணப்பிப்பவரிடம் பழைய சம்பளத்தைக் கேட்கவே கூடாது என்கிறது. 2026 ஜூன் 7-க்குள் உறுப்பு நாடுகள் அதைச் சட்டமாக்க வேண்டும். காற்று அந்தப் பக்கம் வீசும்போது நீ ஏன் வலியப் போய் நீட்ட வேண்டும்?

இதையெல்லாம் சேர்த்தால் பதில் இவ்வளவுதான் வரும். ஆங்கிலத்தில் நீயே எழுதிக்கொள், பொருள் இது:

'அழைப்புக்கு நன்றி. அக்டோபர் 28, செவ்வாய்க்கிழமை, பெர்லின் நேரம் காலை 10:00 மணிக்கு, அதாவது இந்திய நேரம் பிற்பகல் 2:30-க்கு, டீம்ஸில் கலந்துகொள்கிறேன். இரண்டு சிறு கேள்விகள். உரையாடல் முழுவதும் ஆங்கிலத்தில் இருக்குமா, ஒரு பகுதி ஜெர்மனிலும் இருக்குமா? 8டி, வி.டி.ஏ. 6.3 பற்றிய தொழில்நுட்பக் கேள்விகளுக்கோ, திரையில் ஏதேனும் காட்டுவதற்கோ நான் தயாராக வர வேண்டுமா? நீங்கள் கேட்டவற்றுக்கு: என் நோட்டீஸ் காலம் மூன்று மாதம், எனவே விசாவைப் பொறுத்து 2026 மார்ச் முதல் சேர முடியும். எதிர்பார்க்கும் ஆண்டு மொத்தச் சம்பளம் இன்னதிலிருந்து இன்னது வரை. இணைப்பில் கோளாறு ஏற்பட்டால் தொடர்புகொள்ள என் மொபைல் எண் கீழே இருக்கிறது.'

எண்ணை +91 போட்டு எழுது. நீ எழுதிய 'மதிப்பிற்குரிய ஐயா'வை எடுத்துவிடு, கையெழுத்தில் பெண் பெயர் இருக்கிறது. உன்னைக் குடும்பப் பெயரோடு விளித்திருக்கிறார், நீயும் அப்படியே விளி. புது மடல் தொடங்காதே, வந்த மடலுக்கே தலைப்பை மாற்றாமல் 'ரிப்ளை ஆல்' கொடு. பல கம்பெனிகளில் விண்ணப்பங்களைக் கவனிக்கும் மென்பொருள் வழியாகத்தான் மடல்கள் போய்வரும், புதிதாக எழுதினால் உன் பதிவோடு சேராமல் போகலாம். சிசியில் இன்னொருவர் இருக்கிறார், அநேகமாகக் காலண்டர் பார்ப்பவர் அவராகத்தான் இருப்பார்.

நாளை ஞாயிறு, மறுநாள் தீபாவளி. அங்கே திங்கள் வேலை நாள்தான். பட்டாசுச் சத்தத்தில் மறந்துவிடுவாய், இன்றைக்கே அனுப்பிவிடு.

காலண்டர் அழைப்பு வந்ததும் ஜிமெயில் அதை நம் நேரத்துக்கு மாற்றிக் காட்டும். 2:30 என்று இருந்தால் 'யெஸ்' அழுத்து. வேறு எதுவாக இருந்தாலும் உடனே கேட்டு எழுது. அப்புறம், ஆபீஸ் லேப்டாப்பில் அந்த லிங்க்கைத் திறக்காதே. வீட்டு லேப்டாப்பில் குரோம் இருந்தால் போதும், டீம்ஸ் கணக்கு இல்லாமலே பெயர் போட்டு உள்ளே போகலாம். அவர்கள் அனுமதிக்கும் வரை வெளியே காத்திருக்கும்படி காட்டும், பதறாதே.

இங்கே அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டர் சொன்னதை மீறி சீரியல் பார்க்கிறாள். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். அழைப்பு வந்ததும் அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்பு, மணியை ஒரு தடவை நானும் பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் ரூம்மேட்