உப்புப் பக்கற்றின் பின்பக்கம்

ஆரையம்பதி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன்,

இங்கே எல்லாரும் சுகம். சிறுநீரகக் கிளினிக்கில் என்ன சொன்னார்கள் என்று அம்மா கேட்டதற்கு "பரவாயில்லை" என்றாயாம். பரவாயில்லை என்று எந்த லாப்பிலும் றிப்போட் எழுதித் தருவதில்லை. சரி, அதை விடுகிறேன்.

சித்திரைக்கு வந்தபோது பொஸ்பரஸ் கூடும் என்று பருப்பையும் கீரிமீன் ஆணத்தையும் ஒதுக்கினாய். அந்தக் கட்டுப்பாடு உன் வயதில் எனக்கு இருந்ததில்லை. ஆனால் கொழும்பில் இரவுச் சாப்பாடு பாணும் சோசேஜும் சீஸ் துண்டும் என்று தங்கச்சி சொல்கிறாள். அப்படியென்றால் கணக்குத் தலைகீழ், மகன். பருப்பில் இருக்கிற பொஸ்பரஸ் பெரும்பாலும் பைற்றேற் என்ற வடிவில் பூட்டிக் கிடக்கிறது. அதைத் திறக்கிற நொதியம் மனிதக் குடலில் போதாது. அதனால் பாதிக்கும் குறைவாகத்தான் இரத்தத்தில் சேரும். மீனிலும் கோழியிலும் இருப்பதில் ஏறக்குறைய பாதி சேரும். தொழிற்சாலையில் போடுகிற பொஸ்பேற் வெறும் உப்பு. கரைந்த கையோடு 90 வீதத்துக்கு மேலும் உள்ளே போய்விடும். சோசேஜ் தண்ணீரைப் பிடித்துவைத்துப் பாரம் கூடுவதற்கும், சீஸ் எண்ணெய் பிரியாமல் வழவழவென்று நிற்பதற்கும் அதைத்தான் போடுகிறார்கள்.

பக்கற்றில் இருக்கிற போஷாக்குப் பெட்டியில் தேடாதே. அங்கே பொஸ்பரஸ் பெரும்பாலும் இருக்காது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கிற சேர்மானப் பட்டியலைப் பார். ஆங்கிலச் சொல்லில் எங்காவது 'பொஸ்' என்று வந்தால் அதுதான். சொல் இல்லாமல் இலக்கம் மட்டும் போட்டிருந்தால் 338 முதல் 341 வரை, 343, பிறகு 450, 451, 452. முன்னால் ஈ என்றோ ஐ.என்.எஸ். என்றோ இருக்கும், இரண்டும் ஒன்றுதான். கறுப்புக் கோலாவில் 338. சோசேஜில் அனேகமாக 450, 451. எவ்வளவு போட்டார்கள் என்று லேபல் சொல்லாது. அதனால் கூட்டிக் கழிக்க வழியில்லை, பக்கற்றைத் திரும்ப வைப்பதுதான் வழி. பொஸ்பரஸுக்குத் தந்த குளிசையைச் சாப்பாட்டோடு போடு. வெறும் வயிற்றில் போட்டால், பிறகு சாப்பிடுவதில் இருக்கிற பொஸ்பேற்றை அது பிடிக்காது.

பொட்டாசியமும் இப்படித்தான் ஒளிந்து வரும். 340 என்றால் இரண்டும் சேர்ந்தது. 'உப்புக் குறைந்தது' என்று முன்பக்கம் பெரிதாக எழுதிய இறைச்சியில் 326 என்ற பொட்டாசியம் லக்ரேற், 508 என்ற பொட்டாசியம் குளோரைட் இருக்கிறதா என்று பார். 202ஐக் கண்டு பயப்படாதே. பூஞ்சணம் பிடிக்காமல் போடுவது, அளவு மிகக் கொஞ்சம்.

508 என்று எழுதும்போது கை நிற்கிறது. நீ போகும்போது பையில் ஒரு உப்புப் பக்கற் வைத்தேனே, சோடியம் குறைந்த உப்பு என்று. டொக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார், இதுதான் நல்லது என்று நானே தேடி வாங்கினேன். இத்தனை வருசம் பி.எச்.ஐ. வேலையில் கடை கடையாய் லேபல் பார்த்தவன், அயடீன் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் பையில் போட்டேன். அதே பக்கற் இங்கே குசினியிலும் இருக்கிறது. நேற்றுத்தான் திருப்பிப் பார்த்தேன். பாதி பொட்டாசியம் குளோரைட்.

கணக்கைப் பார். அரைத் தேக்கரண்டி உப்பு ஏறக்குறைய 3 கிராம். அதில் பாதி, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைட். அதன் எடையில் 52 வீதம் பொட்டாசியம், அதாவது 780 மில்லிகிராம் அளவில். வாழைப்பழம் ஒன்றில் 400 சொச்சம் என்று உன் கையிலிருந்து பறித்தேன், உப்பாக இரண்டு பழத்தைக் கொடுத்துவிட்டேன். நாளுக்கு 2000க்குள் என்று உனக்குச் சொல்லியிருந்தால் மூன்றிலொரு பங்குக்கு மேல் அதிலேயே போய்விடும். மரக்கறியை வெட்டி அவித்துத் தண்ணீரை ஊற்றினால் பொட்டாசியம் குறையும், ஆனால் பிறகு இந்த உப்பைத் தூவினால் அவித்ததில் என்ன பிரயோசனம்? நீ குடிக்கிற லொசாட்டனும் பொட்டாசியத்தை உடம்பில் தேக்குகிற மருந்து. அதை நீயாக நிறுத்தாதே, உப்பை நிறுத்து. இன்றைக்கே கொட்டிவிடு. சாதா உப்பையே குறைத்துப் போடு, புளிப்புக்குத் தேசிக்காய் கொஞ்சம், மிளகு, உள்ளி.

பொட்டாசியம் கூடினால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. கைகால் சோர்ந்தாலோ நெஞ்சு தாறுமாறாக அடித்தாலோ கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போய் ஈ.சி.ஜி. எடு. ஒன்றும் இல்லாவிட்டாலும் நாளைக்கே கிளினிக்குக்கு போன் எடுத்து, இந்த உப்பு எத்தனை மாதம் பாவித்தாய் என்று சொல்லி, இரத்தத்தை எப்போது திரும்பப் பார்ப்பது என்று கேள். அப்பா வாங்கித் தந்தது என்றே சொல்லு.

சோசேஜ் பக்கற்றின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. போன மாத றிப்போட்டையும் அதோடு சேர்த்து அனுப்பு, மகன். ஏச மாட்டேன்.

அப்பா