அந்த மெழுகு உருளையை இனி ஓட்டாதீர்கள்

மதிப்பிற்குரிய அருங்காட்சியகப் பொறுப்பாளர்களுக்கு,

போன ஞாயிறு உங்கள் ஒலிக்கூடத்தில், அந்தக் காலத்தில் குரலைப் பதிந்த பழுப்பு மெழுகு உருளை ஒன்றை எடிசன் போனோகிராபில் ஓட்டிக் காட்டியபோது நானும் கூட்டத்தில் நின்றேன். இரண்டு நிமிடம், கரகரப்புக்கு நடுவே ஓர் ஆண் குரல். ஓடி முடிந்ததும் ஊசிமுனையில் சேர்ந்திருந்த பழுப்புத் தூளை ஊழியர் வாயால் ஊதிவிட்டார். அந்தத் தூள்தான் ஐயா குரல். ஒரு நாளைக்கு நான்கு காட்சி என்று வாசலில் எழுதிப் போட்டிருக்கிறீர்கள், அப்படியானால் நான்கு தடவை ஊதுகிறீர்கள்.

உங்களுக்குத் தெரியாதது இல்லை. புனலுக்குள் பேசினால் தகடு அதிரும், அதோடு இணைந்த கூர்முனை மேலும் கீழுமாக அசைந்து, சுழலும் மெழுகைச் சீவிக்கொண்டே போகும். ஒலி முழுக்கப் பள்ளத்தின் அடித்தரையில் மேடும் குழியுமாக இருக்கிறது, அந்த ஆழம் ஒரு தலைமுடியின் தடிமன்கூட வராது. திருப்பிக் கேட்கும்போது ஊசி அதே மேடுகள்மேல் ஏறி இறங்குகிறது, மெழுகு மென்மையானது, மேடு தேய்கிறது. முதலில் போவது மெல்லிய ஓசைகள், 'ச'வும் 'ஸ'வும்.

பக்கத்தில் வைத்திருக்கும் இசைத்தட்டுக்கு இந்தக் கதி இல்லை. கிராமபோனைக் கண்டுபிடித்த எமில் பெர்லினர் 1887-இல் கொண்டுவந்த முறையில் ஊசி பக்கவாட்டில் அசைகிறது. அவர் துத்தநாகத் தகட்டில் மெல்லிய மெழுகுப் படலம் பூசி, அதில் கீறி, கீறல் விழுந்த இடத்தை மட்டும் அமிலத்தால் அரித்தெடுத்தார். அதிலிருந்து அச்சு செய்து எத்தனை தட்டு வேண்டுமானாலும் அழுத்தலாம். பின்னால் வந்த அரக்குத் தட்டில் கல்தூள் கலந்திருப்பதால் அதுதான் இரும்பு ஊசியைத் தேய்க்கும், அதனால்தான் ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி. மெழுகு உருளையில் எல்லாம் தலைகீழ். எடிசனுடையது போனோகிராப், கிராமபோன் பெர்லினருடையது, ஆனால் இரண்டுக்கும் பொதுவாக 'எடிசனின் கிராமபோன்' என்று ஒரே பலகை வைத்திருக்கிறீர்கள். நுழைவுச்சீட்டில் விலை மட்டும் சரியாக அச்சாகியிருக்கிறது! சரி, அதை விடுங்கள்.

ஆனால் உருளையை விடமுடியாது. இது கடையில் விற்ற பாட்டு இல்லை, வீட்டில் யாரோ பேசிப் பதிந்தது என்று உங்கள் ஊழியரே சொன்னார். அப்படியென்றால் இதற்கு வேறு பிரதியே கிடையாது. அதை அவர் வியர்த்த கையால் வெளிப்பக்கமாகப் பிடித்துத் தூக்கினார். உள்துளையில் இரண்டு விரலை விட்டு விரித்துப் பிடிப்பதுதானே வழக்கம்? ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகளும் பார்த்தேன். அது தூசி போலத் தெரியவில்லை, பூஞ்சணமாக இருக்கலாம். பூஞ்சணம் என்றால் மெழுகையே தின்னும், துடைத்தாலும் குழி அப்படியே நிற்கும்.

தயவுசெய்து காட்சியை நிறுத்துங்கள். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கார்ல் ஹேபர் குழுவினர் உருளையைத் தொடாமல், ஒளியால் மேடுபள்ளத்தை அளந்து கணினியில் ஒலியாக்கிக் காட்டியிருக்கிறார்கள். அதற்கு வசதி வரும்வரை உருளை பெட்டியில், விளக்குச் சூடு படாத இடத்தில் இருக்கட்டும். கூட்டத்துக்கு ஓட்டிக் காட்ட ஓர் அரக்குத் தட்டு போதும், ஊசியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்த ஞாயிறும் வருவேன். அன்று அந்த உருளை ஓடாமல் இருந்தால் நன்றி சொல்லிவிட்டுப் போகிறேன்.

இப்படிக்கு,
கூட்டத்தில் மூன்றாம் வரிசையில் நின்றவன்