பகுதியின் சராசரியும் அங்கு வாழும் மனிதரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த இதழில் வெளியான நீரிழிவு நோய் குறித்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். சராசரி வருமானம் உயர்ந்த பகுதிகளில் நீரிழிவு நோயாளர்களின் விகிதமும் உயர்ந்திருப்பதை ஒரு வரைபடத்தின் மூலம் காட்டிய கட்டுரையாளர், அதிலிருந்து 'வசதி உள்ளவர்களுக்கே இந்நோய் அதிகம் வருகிறது' என்ற முடிவுக்கு வந்திருக்கிறார். வரைபடத்தில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. ஆனால் வரைபடத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு பகுதியைக் குறிக்கிறது. முடிவோ ஒவ்வொரு மனிதரையும் பற்றியது. வசதியான பகுதியில் நோயுற்றிருப்பவர்கள் அங்குள்ள வசதியானவர்கள்தாமா, அல்லது அதே பகுதியில் வாழும் ஏழைகளா என்பதை அந்தப் புள்ளிகள் சொல்வதில்லை. பரிசோதனைக் கூடங்கள் மிகுந்த பகுதியில் நோய் அதிகமாகக் கண்டறியப்படுகிறது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம்.

இந்தத் தாவலுக்குப் புள்ளியியலில் 'எக்கலாஜிக்கல் ஃபாலசி' என்று பெயர். அதைச் 'சூழலியல் போலிவாதம்' என்று மொழிபெயர்த்தால் காடும் மலையும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. அவற்றுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பகுதி, மாநிலம், பள்ளி என்று மனிதர்களைத் தொகுத்துப் பெற்ற எண்களைத் தனிமனிதர்மீது ஏற்றிவிடும் பிழை என்பதால், இக்கடிதத்தில் அதைத் 'தொகுப்புப் பிழை' என்றே குறிப்பிடுகிறேன்.

இப்பிழையை ஐயத்துக்கு இடமின்றி எடுத்துக்காட்டியவர் அமெரிக்கச் சமூகவியலாளர் டபிள்யூ. எஸ். ராபின்சன். 1950-இல் வெளிவந்த அவருடைய கட்டுரை, 1930-ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்துக்கொண்டு, பத்து வயதுக்கு மேற்பட்டவர்களிடையே வெளிநாட்டில் பிறந்தவர் என்ற நிலைக்கும் எழுத்தறிவின்மைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தது. அன்றிருந்த 48 மாநிலங்களையும் புள்ளிகளாக வைத்துக் கணக்கிட்டபோது, இரண்டு அளவுகள் எவ்வளவு நெருக்கமாகச் சேர்ந்து மாறுகின்றன என்பதை −1 முதல் +1 வரை காட்டும் ஒட்டுறவுக் கெழு −0.526 என்று வந்தது. அதாவது, வெளிநாட்டில் பிறந்தோர் அதிகமுள்ள மாநிலங்களில் எழுத்தறிவின்மை குறைவாக இருந்தது. மேலோட்டமாகப் பார்ப்பவர், குடியேறியவர்கள் உள்நாட்டவரைவிடக் கல்வி மிக்கவர்கள் என்று எழுதிவிடுவார். ஆனால் தனிமனிதர்களையே அலகாகக் கொண்டு அதே கணக்கெடுப்பிலிருந்து கணக்கிட்டபோது கெழு +0.118 ஆயிற்று. உண்மையில் குடியேறியவர்களிடையேதான் எழுத்தறியாதவர் சற்று அதிகம். குறி தலைகீழாகிவிட்டது, தரவு மட்டும் அதுவேதான்.

குறி மாறியதற்குக் காரணம், குடியேறியவர்கள் எங்கே போய்க் குடியமர்ந்தார்கள் என்பதில் இருக்கிறது. எழுத்தறிவின்மை மிகுந்திருந்த தென்மாநிலங்களுக்கு அவர்கள் அதிகம் செல்லவில்லை. உள்நாட்டவரிடையே எழுத்தறிவு ஏற்கெனவே உயர்ந்திருந்த மாநிலங்களில்தான் அவர்கள் பெருமளவில் வாழ்ந்தார்கள். எனவே மாநிலங்களின் புள்ளிகள் அளந்தது பெரும்பாலும் அண்டை வீட்டு உள்நாட்டவரின் எழுத்தறிவையே.

இது எப்படி நிகழ முடியும் என்று ஐயுறும் வாசகர்களுக்காக, நானே அமைத்த ஒரு சிறு கணக்கை முன்வைக்கிறேன், எண்கள் கற்பனையே. முதல் பகுதியில் 1,000 பேர் வாழ்கிறார்கள் என்று கொள்வோம். அவர்களில் 900 பேர் உள்ளூரார், 100 பேர் குடியேறியவர்கள். உள்ளூராரில் 10 விழுக்காட்டினர், அதாவது 90 பேர், எழுத்தறியாதவர்கள். குடியேறியவர்களில் 15 விழுக்காட்டினர், அதாவது 15 பேர். மொத்தம் 105 பேர். பகுதியின் எழுத்தறிவின்மை 10.5 விழுக்காடு. இரண்டாம் பகுதியிலும் 1,000 பேர். ஆனால் 700 பேர் உள்ளூரார், 300 பேர் குடியேறியவர்கள். இங்கே உள்ளூராரில் 2 விழுக்காட்டினரும் (14 பேர்) குடியேறியவர்களில் 8 விழுக்காட்டினரும் (24 பேர்) எழுத்தறியாதவர்கள். மொத்தம் 38 பேர். பகுதியின் எழுத்தறிவின்மை 3.8 விழுக்காடு.

குடியேறியவர்கள் மூன்று மடங்கு அதிகமாக உள்ள பகுதியில் எழுத்தறிவின்மை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது. ஆயினும் இரண்டு பகுதிகளிலும், தனித்தனியே பார்த்தாலும் சேர்த்துப் பார்த்தாலும், குடியேறியவர்களிடையேதான் எழுத்தறியாதவர் விகிதம் அதிகம். இரண்டு பகுதிகளையும் கூட்டினால் குடியேறியவர் 400 பேரில் 39 பேர், உள்ளூரார் 1,600 பேரில் 104 பேர், முன்னவர் 9.75 விழுக்காடு, பின்னவர் 6.5 விழுக்காடு.

இந்த உள்விவரம் நம்மிடம் இருப்பதால்தான் இவ்வளவு தெளிவாகப் பேச முடிகிறது. கட்டுரையாளரின் நிலையில் நாம் இருந்தால், அட்டவணையின் ஓரங்களில் எழுதப்படும் மொத்தங்கள் மட்டுமே கிடைக்கும். உள்ளே இருக்கும் கட்டங்கள் காலியாகவே இருக்கும். அந்த மொத்தங்களிலிருந்து எதை உறுதியாகச் சொல்லலாம் என்ற கேள்விக்கு, 1953-இல் டங்கன், டேவிஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் எளிய விடை ஒன்றைத் தந்தார்கள்: காலிக் கட்டத்தில் இருக்கக்கூடிய மிகக் குறைந்த எண்ணையும் மிக அதிக எண்ணையும் கணக்கிட்டு, உண்மை அவற்றுக்கு இடையில் எங்கோ இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மேற்சொன்ன இரண்டாம் பகுதியில் எழுத்தறியாதவர் 38 பேர்தான். அவர்கள் அனைவரும் குடியேறியவர்களாக இருக்கலாம், ஒருவர்கூட இல்லாமலும் இருக்கலாம். ஆகவே குடியேறியவர்களின் எழுத்தறிவின்மை சுழியத்துக்கும் ஏறத்தாழ 12.7 விழுக்காட்டுக்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். முதல் பகுதியின் நிலை இன்னும் மோசம். அங்கே எழுத்தறியாதவர் 105 பேர், குடியேறியவர் 100 பேர் என்பதால், எல்லை சுழியத்திலிருந்து நூறு விழுக்காடு வரை விரிகிறது. அதாவது அந்தப் பகுதியின் மொத்தங்கள் குடியேறியவர்களைப் பற்றி நமக்கு ஒன்றுமே சொல்லவில்லை. வரைபடத்தில் அதுவும் பார்வைக்குக் கச்சிதமான ஒரு புள்ளியாகத்தான் இருக்கும்.

புள்ளிகளின் ஊடே ஒரு நேர்கோட்டை வரைந்து, அதை நீட்டித் தனிமனிதர்களின் விகிதத்தை மதிப்பிடலாம் என்று புள்ளியியலாளர் லியோ குட்மன் அதே 1953-இல் எழுதினார். குழுவின் விகிதம் எல்லாப் பகுதிகளிலும் மாறாமல் இருந்தால்தான் அது பொருந்தும் என்பது அம்முறையின் நிபந்தனை. நிபந்தனையை மறந்துவிட்டு நம் கணக்கில் அதைச் செய்து பார்ப்போம். குடியேறியவர் பங்கு 10 விழுக்காடாக இருக்கும்போது எழுத்தறிவின்மை 10.5; பங்கு 30 விழுக்காடாகும்போது 3.8. இக்கோட்டை நூறு விழுக்காடு வரை நீட்டினால், குடியேறியவர்களின் எழுத்தறிவின்மை −19.65 விழுக்காடு என்று வருகிறது! நூறு பேரில் கிட்டத்தட்ட இருபது பேர் 'சுழியத்துக்கும் கீழே' எழுத்தறியாதவர்களாம். இத்தகைய விடை வந்தால் அதை ஒரு வகையில் நற்பேறு என்றே சொல்வேன். பிழை தானாகவே கையைத் தூக்கிக் காட்டிவிடுகிறது. விடை 6 அல்லது 7 என்று நம்பத்தக்க எண்ணாக வந்திருந்தால் யாரும் ஐயப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் உள்ளூராரின் விகிதம் ஓரிடத்தில் 10, மற்றோரிடத்தில் 2 என்று மாறுவதால் நிபந்தனை உடைந்தேதான் இருக்கும்.

ராபின்சன் கட்டுரையில் அதிகம் பேசப்படாத இன்னொரு செய்தியும் உண்டு. கறுப்பினத்தவர் என்ற நிலைக்கும் எழுத்தறிவின்மைக்கும் உள்ள தொடர்பைத் தனிமனிதர் அளவில் கணக்கிட்டபோது 0.203, மாநில அளவில் 0.773, நாட்டை ஒன்பது பெருமண்டலங்களாகப் பிரித்தபோது 0.946 என்று கெழு ஏறிக்கொண்டே போயிற்று. மனிதர்கள் மாறவில்லை, எல்லைக்கோடுகள்தாம் மாறின. ஒரு மண்டலத்துக்குள் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் உள்ள வேறுபாடுகள் சராசரியில் கரைந்துவிடுகின்றன. எஞ்சுவது மண்டலங்களுக்கு இடையிலான வேறுபாடு மட்டுமே. எனவே, புள்ளிகள் கோட்டை ஒட்டி அழகாக வரிசையில் நிற்பதே தம் முடிவுக்குச் சான்று என்று கட்டுரையாளர் கூறியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. பகுதிகளைப் பெரிதாக்கினாலே அந்த அழகு பெரும்பாலும் வந்துவிடும்.

இதைப் படித்துவிட்டு, பகுதிவாரித் தரவுகளால் பயனே இல்லை என்று எவரேனும் கூறினால் அதையும் மறுப்பேன். 2009-இல் சுப்பிரமணியன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ராபின்சனின் அதே தரவை, மனிதர்களையும் மாநிலங்களையும் இரண்டு அடுக்குகளாக வைத்து மறுபடியும் ஆராய்ந்தார்கள். கல்வியில் இனப்பிரிவினையைச் சட்டமாக்கியிருந்த மாநிலங்களில் வாழ்வது எழுத்தறிவைப் பாதித்ததை அந்த ஆய்வு வெளிக்கொணர்ந்தது. தனிமனிதர் எண்ணை மட்டுமே பார்த்திருந்தால் மாநிலச் சட்டத்தின் கை அதில் தெரிந்திருக்காது. நீரிழிவிலும் அப்படியே: ஒரு பகுதியில் நடப்பதற்கு இடமுண்டா, மருத்துவர் எட்டும் தொலைவில் இருக்கிறாரா என்பவை பகுதியின் பண்புகள், அவற்றைப் பகுதியளவில்தான் ஆராய முடியும். எந்தப் பகுதிக்கு எத்தனை மருத்துவமனைகள் வேண்டும் என்பது கேள்வியானால், கட்டுரையாளரின் வரைபடம் அப்படியே பயன்படும்.

கட்டுரையாளர் கேட்ட கேள்வி வேறு. அதற்கு வேண்டிய தரவும் வேறு. ஒவ்வொரு பகுதிக்குள்ளும் உயர்வருமானத்தாரில் எத்தனை பேருக்கு நோய், குறைந்த வருமானத்தாரில் எத்தனை பேருக்கு என்ற அட்டவணை வேண்டும். அதுவும் வயதுவாரியாகப் பிரித்ததாக இருக்க வேண்டும். ஏனெனில் வசதியான பகுதிகளில் முதியோர் அதிகமாக வாழ்ந்தால், அது ஒன்றே நோய் விகிதத்தை உயர்த்தப் போதும். அவர் மேற்கோள் காட்டும் கணக்கெடுப்பு வீடு வீடாகச் சென்று எடுக்கப்பட்டது என்று அவரே எழுதியிருப்பதால், வருமானமும் நோய்நிலையும் ஒரே படிவத்தில் பதிவாகியிருக்க வாய்ப்புண்டு. அப்படியிருந்தால், பகுதிவாரியாகச் சுருக்குவதற்கு முன்பிருந்த அந்த அட்டவணையை அடுத்த இதழில் வெளியிடுமாறு அவரைக் கேட்டுக்கொள்கிறேன். இல்லையெனில், அவருடைய தலைப்பில் உள்ள 'வசதி உள்ளவர்களுக்கு' என்ற சொற்களை 'வசதியான பகுதிகளில்' என்று திருத்தி ஒரு குறிப்பு வெளியிட்டால் போதுமானது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்