வெப்பத்தை மேலே ஏற்றுவது செம்பு அல்ல

ஆசிரியருக்கு,

வணக்கம். சூரிய வெப்பத்தில் நீரைச் சூடாக்கும் வெற்றிடக் கண்ணாடிக் குழாய்கள் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கண்ணாடியின் இரட்டைச் சுவரையும் அதன் உட்புறக் கரும்பூச்சையும் கட்டுரையாளர் அழகாக விளக்கியிருந்தார். ஆனால் நடுவில் செருகியிருக்கும் மெல்லிய செப்புக் குழாய்க்கு வந்ததும், செம்பு வெப்பத்தை நன்றாகக் கடத்துவதால் சூடு மேலே போய்விடுகிறது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த ஒரு வரி தவறு. அந்தச் சாதனத்தின் உயிரே அந்த இடத்தில்தான் இருக்கிறது என்பதால் இதை எழுதுகிறேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் தவறு உடனே தெரிந்துவிடும். பரவலாகப் பயன்படும் கண்ணாடிக் குழாயின் நீளம் 1.8 மீட்டர், வெளிவிட்டம் 58 மில்லிமீட்டர். வெயிலை உறிஞ்சும் உட்குழாயின் விட்டம் சுமார் 47 மில்லிமீட்டர். நல்ல உச்சி வெயிலில் அதன்மேல் ஏறத்தாழ 80 வாட் விழும். இழப்பு போக 60 வாட் கிடைக்கிறது என்று கொள்வோம். இதை ஒன்றரை மீட்டர் தூரம் மேலே கொண்டுபோக வேண்டும். அந்த வேலையை 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள கெட்டியான செப்புக் கம்பியிடம் ஒப்படைத்தால், அதன் இரு முனைகளுக்கும் இடையே 4,000 டிகிரிக்கும் மேல் வெப்பநிலை வேறுபாடு தேவைப்படும். செம்பு 1,085 டிகிரியிலேயே உருகிவிடும். உண்மையில் அங்கே இருப்பதோ கெட்டிக் கம்பிகூட அல்ல, உள்ளே வெறுமையான குழாய். அப்படியிருந்தும் சில டிகிரி வேறுபாட்டிலேயே 60 வாட்டும் மேலே போய்ச் சேர்ந்துவிடுகிறது.

சுமப்பது உள்ளே அடைபட்டிருக்கும் சில மில்லி நீர். குழாயைச் செய்யும்போது அதில் சிறிது தூய நீரை ஊற்றி, காற்றை முழுவதும் வெளியேற்றி, முனையை நசுக்கிப் பற்றவைத்து மூடிவிடுகிறார்கள். உள்ளே மிஞ்சுவது நீரும் நீராவியும் மட்டுமே. அழுத்தம் குறைந்தால் நீரின் கொதிநிலையும் குறையும் என்பது பள்ளியில் படித்ததுதான். காற்றே இல்லாத இந்தக் குழாயில் நீர் கொதிப்பதற்கு 100 டிகிரி வேண்டியதில்லை. 30 டிகிரியிலும் கொதிக்கும். அப்போது உள்ளே இருக்கும் அழுத்தம், வெளிக்காற்றின் அழுத்தத்தில் 20இல் ஒரு பங்கைவிடக் குறைவு.

வெயில் பட்டதும் அடியில் கிடக்கும் நீர் ஆவியாகி மேலே விரைகிறது. உச்சியில் சற்றுப் பருத்த ஒரு குமிழ் இருக்கிறது. அது தொட்டியின் நீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் உறைக்குள் செருகப்பட்டிருக்கும். குமிழின் உட்சுவர் ஆவியைவிடக் குளிர்ந்திருப்பதால் ஆவி அங்கே மீண்டும் நீராகி, தான் ஏந்தி வந்த உள்ளுறை வெப்பத்தை அப்படியே விட்டுவிடுகிறது. நீராக மாறியது சுவரோடு வழிந்து கீழே இறங்கி மறுபடியும் ஆவியாகிறது.

இதில் எவ்வளவு நீர் வேலை செய்கிறது என்பதுதான் என்னை எப்போதும் வியக்கவைப்பது. 60 டிகிரியில் ஒரு கிராம் நீர் ஆவியாவதற்குச் சுமார் 2,360 ஜூல் வேண்டும். அதே கிராம் நீர் ஒரு டிகிரி சூடேறுவதற்கு 4.2 ஜூல் போதும். ஆகவே 60 வாட் வெப்பத்தைச் சுமக்க நிமிடத்துக்கு ஒன்றரை கிராம் நீர் ஆவியானால் போதும். உள்ளே 3 கிராம் இருந்தால், அவ்வளவும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மேலே போய்க் கீழே வந்துவிடுகிறது என்று பொருள். பம்பு கிடையாது, அசையும் பாகமும் கிடையாது. ஆவி மட்டும் நொடிக்கு ஐந்தாறு மீட்டர் வேகத்தில் ஏறிக்கொண்டிருக்கும்.

இரு முனைகளிலும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலை ஏன்? தன் நீரோடு சேர்ந்திருக்கும் தூய ஆவிக்கு, அழுத்தம் இவ்வளவு என்றால் வெப்பநிலை இவ்வளவு என்று இயற்கையே வகுத்துவைத்திருக்கிறது. ஒன்றரை மீட்டர் குழாயில் ஆவியைத் தள்ளுவதற்கு மிகச் சிறிய அழுத்த வேறுபாடு போதும். எனவே வெப்பநிலை வேறுபாடும் மிகச் சிறியதாகவே இருக்கும்.

கீழே திரும்பும் நீரை இழுப்பது புவியீர்ப்பு மட்டுமே. மடிக்கணினிக்குள் இருக்கும் வெப்பக் குழாயில் உட்சுவரைச் சுற்றி நுண்துளைத் திரி இருக்கும். அது எந்தத் திசையிலும் நீரை உறிஞ்சிக் கொண்டுபோகும். சூரியக் குழாயில் பெரும்பாலும் திரி வைப்பதில்லை. அதனால் அதைச் சாய்த்தே நிறுத்த வேண்டும். கிடையாகப் படுக்க வைத்தால் நீர் அடிமுனைக்குத் திரும்பாது, வெப்ப ஓட்டம் தளர்ந்துவிடும். இதிலேயே ஒரு நன்மையும் அடங்கியிருக்கிறது. இரவில் மேலே தொட்டி சூடாகவும் கீழே குழாய் குளிர்ந்தும் இருக்கும்போது, ஆவியாவதற்குக் குமிழில் நீரே இருக்காது. ஆகவே தொட்டியின் சூடு இந்த வழியாகக் கீழே இறங்காது.

இனி, கட்டுரை தொடவே தொடாத ஒன்று: இந்தக் குழாய் கெட்டுப்போனால் எப்படித் தெரியும்? இதற்குப் பகை காற்று. பற்றவைத்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத கசிவு இருந்தாலோ, உள்ளே அழுக்கு இருந்து ஏதேனும் வாயு உண்டானாலோ, அந்த வாயுவை ஆவி தள்ளிக்கொண்டே போய்க் குமிழில் சேர்த்துவிடும். வாயு அங்கே குளிர்ந்து நீராகாது. இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். ஆவி குமிழின் சுவரை எட்ட முடியாது. குழாயின் கீழ்ப்பகுதி கொதிக்கும், குமிழ் குளிர்ந்தே கிடக்கும். நீர் நிரப்பும் குழாய்க்கு அலுமினியத்தை விட்டுச் செம்பைத் தேர்ந்தெடுப்பதற்கும் இதுதான் காரணம். அலுமினியம் நீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை உண்டாக்கும். வெளியே வெப்பத்தைச் சேர்த்துக் கொடுக்கும் இறகுத் தகடு அலுமினியமாக இருப்பதில் தவறில்லை, அது நீரைத் தொடுவதில்லையே.

சோதிப்பது எளிது. வெயிலில் இருந்த குமிழ் 200 டிகிரியையும் தாண்டியிருக்கலாம் என்பதால் முதலில் நன்றாக ஆறவிட வேண்டும். பிறகு செப்புக் குழாயை வெளியே எடுத்து, நிமிர்த்திப் பிடித்து, அடிப்பகுதியில் ஒரு சாண் அளவை வெந்நீரில் அமிழ்த்துங்கள். நல்ல குழாயாக இருந்தால் ஒரு நிமிடம் போல் ஆவதற்குள் உச்சிக் குமிழ் கைபொறுக்காத சூட்டுக்கு வந்துவிடும். உள்ளே காற்று புகுந்திருந்தால் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் குமிழ் சுடாது. அதைப் பழுதுபார்க்க முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

கண்ணாடிச் சுவர்களுக்கு இடையே உள்ள வெற்றிடம் வேறு, செப்புக் குழாய்க்குள் இருக்கும் வெற்றிடம் வேறு. கண்ணாடியின் அடியில் தெரியும் வெள்ளி நிறப் பூச்சு வெளுத்துப்போனால், போனது கண்ணாடியின் வெற்றிடம். செப்புக் குழாய் அப்போதும் நன்றாகவே இருக்கலாம். அதைத் தூக்கி எறியாமல் புதிய கண்ணாடிக்குள் செருகிக்கொள்ளலாம். கண்ணாடியும் சரி, வெந்நீர்ச் சோதனையில் குமிழும் சுடுகிறது, ஆனாலும் தொட்டி நீர் சூடாகவில்லை என்றால், குமிழ் உட்காரும் உறையைப் பாருங்கள். இடையில் தடவிய வெப்பப் பசை காய்ந்து உதிர்ந்திருக்கும், அல்லது குமிழ் முழுவதும் உள்ளே போகாமல் நின்றிருக்கும். அந்த மெல்லிய காற்றிடைவெளி ஒன்றே போதும், குழாய் மேலே கொண்டுவந்த வெப்பத்தைத் தொட்டிக்குப் போகாமல் தடுத்துவிடும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்