முகம் 2818, சேஸ் 2518

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பொங்கலுக்குப் பேசியதோடு சரி. நடுவில் நீ ரெண்டு தடவை கூப்பிட்டும் நான் எடுக்கவில்லை. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நடந்து ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்தேன். இப்போது கம்பு ஊன்றிக்கொண்டு வாசல் வரை நடக்கிறார்கள், உன்னையும் கேட்டார்கள். மன்னித்துக்கொள்.

நேற்று ராத்திரி நீ அனுப்பிய அந்தப் பழைய லாரியின் மூன்று போட்டோவையும் பார்த்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. அக்கா மகன் ஞாயிற்றுக்கிழமை அட்வான்ஸ் கொடுக்கப் போகிறான் என்று எழுதியிருக்கிறாய். நான் வரும் வரைக்கும் பத்து ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம் என்று அந்தத் தம்பியிடம் சொல்லிவிடு.

"டாட்டா டாரஸ், 2019 மாடல், 2818, பத்தொன்பதரை லட்சம்" என்று புரோக்கர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். நம்ம பக்கம் பத்துச் சக்கரம் எதுவானாலும் டாரஸ்தான், அது உண்மையில் லேலண்ட் வண்டியின் பேர் என்பதையே மறந்துவிட்டோம். இது டாட்டா என்பதில் சந்தேகமில்லை. பக்கவாட்டுப் படத்தில் முன்னால் ஒற்றை அச்சு, பின்னால் ரெண்டு அச்சும் இரட்டை டயர். பத்துச் சக்கரமும் சரி. கோளாறு அந்த 2818 என்கிற எண்ணில்தான்.

பள்ளிக்கூடத் திண்ணையில் உட்கார்ந்து ஹாரன் சத்தத்திலேயே வண்டி சொன்னவன் நீ. இந்த எண்ணை மட்டும் ஏன் படிக்காமல் விட்டாய்? டாட்டாவிலும் லேலண்டிலும் முதல் ரெண்டு இலக்கம் வண்டியும் சரக்கும் சேர்ந்த மொத்த எடை, டன்னில். அடுத்த ரெண்டும் குதிரைத் திறன், பத்தால் வகுத்தது. 2518 என்றால் 25 டன், ஏறக்குறைய 180 குதிரை. 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சு எடையைக் கூட்டியபோது பத்துச் சக்கரத்துக்கு 25 டன் இருந்தது 28.5 ஆனது. அதற்குப் பிறகுதான் கம்பெனிகள் 25-ஐ மாற்றி 28 என்று எழுத ஆரம்பித்தார்கள். ஆக கதவில் இருக்கிற எண்ணே ஒரு தேதி மாதிரி.

இப்போது முதல் படத்தைப் பெரிதாக்கிப் பார். கிரில் பளபளவென்று புது பிளாஸ்டிக், திருகுகளில் துரு இல்லை. அதே முகத்தில் வைப்பர் அடிப்பாகமும் பம்பர் ஓரமும் புள்ளி புள்ளியாகத் துருப்பிடித்திருக்கின்றன. மோதிய வண்டிக்குக் கிரில் மாற்றுவது சகஜம், அதை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் கதவு எண்ணைப் பார். 2818-இல் இரண்டாவது எழுத்தான 8-ஐச் சுற்றி மட்டும் பெயின்ட் கொஞ்சம் வெளுப்பாக இருக்கிறது. அந்த 8-இன் மேல்புறம் வலது பக்கம் ஒரு சின்ன நேர்க்கோடு துருத்தித் தெரிகிறது. அது 5-இன் தொப்பி. பழைய ஸ்டிக்கர் நிழல் அது.

கேபினைப் பார்த்து மாடல் சொல்ல முடியாத வண்டி இது, அதையும் தம்பிக்குப் புரியவை. கம்பெனியிலிருந்து முன் முகமும் டாஷ்போர்டும் மட்டும் வைத்த சேஸாக வந்து, கதவு, கூரை, படுக்கை எல்லாம் திருச்செங்கோடு, நாமக்கல் பட்டறையில் கட்டியது. அந்தக் கேபினைப் பழைய சேஸிலும் ஏற்றலாம், புதிதிலும் ஏற்றலாம். சிக்னா மாதிரி முழுக் கேபினும் கம்பெனியிலிருந்தே வந்திருந்தால் விஷயம் வேறு. உள்படத்தில் நான் பார்த்தது கிளட்ச் பெடல். ரப்பர் தேய்ந்து இரும்பு வழவழவென்று மின்னுகிறது. ஓடோமீட்டரில் இருக்கும் ரெண்டரை லட்சம் கிலோமீட்டருக்கு அந்தத் தேய்மானம் ஒத்துவரவில்லை.

மனசு கேட்காமல் நம்பர் பிளேட்டை mParivahan-இல் போட்டுப் பார்த்தேன். தயாரிப்பு 2017 நவம்பர், பதிவு 2018 ஜனவரி, மொத்த எடை 25,000 கிலோ. சேஸ் நம்பரையும் புரோக்கரிடம் கேட்டு வாங்கு. டாட்டாவுக்கு MAT என்று ஆரம்பிக்கும், பத்தாவது எழுத்து வருஷம். H என்றால் 2017, J 2018, K 2019. நடுவில் I கிடையாது, அதில் குழம்பிவிடாதே. ஞாயிற்றுக்கிழமை டிரைவர் பக்கம் முன் சக்கரத்தை ஒட்டிச் சேஸில் அடித்திருக்கும் எண்ணைத் துணியால் துடைத்து ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பார்க்க வேண்டும். அங்கே உரசிய அடையாளமோ எழுத்து வரிசை கோணலோ இருந்தால் விலை பேசவே வேண்டாம், திரும்பி வந்துவிடலாம்.

இந்த மூன்றரை டன்னை நான் ஏன் இவ்வளவு பெரிதாக எடுக்கிறேன் என்று உனக்குத் தெரியும். 28 டன் ஏற்றலாம் என்று சொல்லித்தான் 2020-இல் என் தலையிலும் ஒரு வண்டியைக் கட்டினார்கள். எடை மேடையில் 28 டன் காட்டியது, ஆர்.சி.யில் 25. அபராதம் 20,000, அதற்கு மேல் டன்னுக்கு 2,000, ஆக 26,000 ரூபாய். மிச்சச் சரக்கை இறக்கி இன்னொரு வண்டி பிடித்து அனுப்பினேன். அந்த ராத்திரி ரோட்டோரத்தில் மூட்டையோடு உட்கார்ந்திருந்தது இன்னும் மறக்கவில்லை. தம்பி அப்படி உட்காரக் கூடாது.

இந்த வண்டி காலியாக 9.2 டன் என்று ஆர்.சி.யில் இருக்கிறது. அப்படியானால் ஏற்றக்கூடியது 15.8 டன். 28.5 டன் வண்டியாக இருந்தால் 19.3. சிமெண்ட் வாடகை டன்னுக்கு 900 என்று வைத்துக்கொள், ஒரு நடைக்கு 3,150 ரூபாய் குறையும். மாசம் ஆறு நடை என்றால் கிட்டத்தட்ட 19,000. தவணையில் பாதி அதிலேயே போய்விடும். பத்தொன்பதரை கேட்பது அந்த 28-க்கான விலை.

போன மாசம் நம்ம மேஸ்திரி பட்டறை வழியாக இதே 2017 தயாரிப்பு 2518 ஒன்று பதின்மூன்றரைக்குக் கைமாறியது, டயர் நல்லது. இதில் பத்தில் ஆறு டயர் ரீட்ரெட், பக்கவாட்டுப் படத்தில் தையல் கோடு தெரிகிறது. ரேடியல் ஒன்று 23,000 போட்டாலும் 1,38,000. டிங்கரிங், பெயின்ட் ஒரு அறுபதாயிரம். பதினொன்றரைக்கு மேல் போகாதே. எட்டு வருஷம் தாண்டியதால் எஃப்.சி. இனி வருஷா வருஷம். நேஷனல் பர்மிட் மல்டி ஆக்ஸிலுக்குப் பதினைந்து வருஷம் வரைதான், ஆகவே 2033 ஜனவரியோடு அது முடியும். தவணை அதற்கு ரொம்ப முன்பே தீர வேண்டும்.

தம்பி கோபப்படுவான், புரோக்கர் அவனுக்குப் பழக்கம் என்று சொன்னாய். என் பேரைச் சொல்லி என்னைத் திட்டச் சொல், நான் பொறுத்துக்கொள்கிறேன். பதினொன்றரைக்குக் கொடுத்தால் 2518 என்று தெரிந்தே வாங்கட்டும், ஓடுகிற வண்டிதான், எஞ்சினில் நான் குறை எதுவும் பார்க்கவில்லை.

ஞாயிறு காலை ஆறரை பஸ்ஸில் வருகிறேன். ஒரு டார்ச்சும் பழைய பனியன் துணியும் எடுத்து வை. அக்கா கையால் அரிசிம்பருப்பு சாதம் வேண்டும், போன தடவை மாதிரி நீயே காலி பண்ணிவிடாதே.

உன்
மச்சான்